கிளினிக்கல் மதிப்பீட்டில் சித்தியடையாத தாதிய மாணவர் மேன்முறையீட்டுக் கடிதம் எழுதுவது எப்படி?

கிளினிக்கல் மதிப்பீட்டில் சித்தியடையவில்லை என்ற தாள் கைக்கு வந்த அன்று இரவே பலர் கடிதம் எழுதி முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட கடிதங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்படுகின்றன. நான் தாதிய மாணவர்களுக்குக் கற்பித்தவள். மேன்முறையீடுகளைப் பரிசீலிக்கும் குழுவிலும் இருந்திருக்கிறேன். கடிதத்தைக் கையில் எடுக்கும் குழு இரண்டு விடயங்களைத்தான் தேடும். புள்ளித்தாளில் எந்த வரி பிழை? அது பிழையென்று நாங்கள் எதைப் பார்த்து அறிந்துகொள்ளலாம்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத கடிதத்தை, அதை எழுதியவர் மீது எவ்வளவு இரக்கம் வந்தாலும், குழுவால் ஏற்றுக்கொள்ள முடியாது.

கடிதம் எழுதும் முறையை ஒரு மாணவியின் கதையோடு சொல்கிறேன். திருகோணமலையில் வெவ்வேறு காலங்களில் பலருக்கு நடந்தவற்றை ஒருவருக்கு நடந்ததாகக் கோத்திருக்கிறேன். ஆகவே இந்த மாணவி யார் என்று தேட வேண்டாம்.

மருத்துவ வாட்டில் காலை நேரம். மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த வயதான ஒரு முஸ்லிம் பெண்மணிக்கு 500 மில்லிலீற்றர் நோர்மல் சேலைனை 4 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும் என்பது வைத்தியரின் எழுத்து. மாணவி சேலைன் ஏற்றுவதைப் பரீட்சகர் பார்த்துப் புள்ளியிடுகிறார். புள்ளித்தாளில் 20 படிகள். ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி, சித்தியடைய 70 வேண்டும். சில படிகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி உண்டு. அவற்றில் ஒன்று தவறினாலும், மொத்தப் புள்ளி எவ்வளவாக இருந்தாலும், சித்தியில்லை. மாணவிக்குக் கிடைத்தது 80. ஆனால் நட்சத்திரமிட்ட இரண்டு படிகள் தவறென்று குறிக்கப்பட்டிருந்தன: நோயாளியின் அடையாளத்தை உறுதிப்படுத்தவில்லை, துளி வேகம் பிழை. இவை தவிர, போத்தல் லேபலில் தொடங்கிய நேரம் எழுதாததற்கும், திரவச் சமநிலைத் தாளில் உடனே பதியாததற்கும் ஐந்தைந்து புள்ளி போயிருந்தது.

முதலில் புள்ளித்தாள்

எழுதத் தொடங்குமுன் புள்ளித்தாளின் பிரதியைப் பெறுங்கள். “பெயில்” என்று யாரோ வாயால் சொன்னதை வைத்துக் கடிதம் எழுத முடியாது. எந்தப் படிக்குப் புள்ளி போனது, பரீட்சகர் பக்கத்தில் என்ன குறிப்பு எழுதினார், கூட்டுத்தொகை சரியா என்பதையெல்லாம் தாளில்தான் பார்க்கலாம். பிரதி தர மறுத்தால், அலுவலகத்தில் பார்வையிட அனுமதி கேளுங்கள். குறிப்புகளைச் சொல்லுக்குச் சொல் கையால் எழுதிக்கொள்ளுங்கள். “இன்ன திகதி, இன்ன நேரம், அலுவலகத்தில் பார்த்து எழுதியது” என்று கீழே குறியுங்கள்.

தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். மறுத்தால் அது வேறொரு பிரச்சினையாகிவிடும். கையெழுத்துக்கு மேலே “பார்வையிட்டேன்” என்று எழுதி, திகதியைப் போடுங்கள். முடிவைக் கண்டீர்கள் என்பதற்கு மட்டும் அது சாட்சி. முடிவை ஏற்றுக்கொண்டீர்கள் என்று பின்னர் யாரும் சொல்ல இடமிராது.

அதே நாளில் மாணவர் கைநூலை எடுத்து மேன்முறையீட்டுப் பகுதியை வாசியுங்கள். மூன்று விடயங்களைப் பாருங்கள்: எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும், எந்தக் காரணங்களுக்காகக் கொடுக்கலாம். நாட்கள் முடிவு வெளியான திகதியிலிருந்து எண்ணப்படுகின்றனவா, உங்களுக்கு அறிவிக்கப்பட்ட திகதியிலிருந்தா என்பதையும் கவனியுங்கள். நல்ல ஆதாரத்தோடு ஒரு நாள் பிந்தி வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை குழுவுக்கு வந்தால், அதைவிட மனவருத்தமான வேலை இல்லை.

காரணங்களைப் பற்றி ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். “பரீட்சகரின் மதிப்பீட்டோடு எனக்கு உடன்பாடில்லை” என்பதை அநேகமாக எந்த நிறுவனமும் மேன்முறையீட்டுக்குரிய காரணமாக ஏற்பதில்லை. மதிப்பீடு நடைமுறையின்படி செய்யப்படவில்லை, புள்ளியிட்டதில் அல்லது கூட்டியதில் பிழை உண்டு, பரீட்சகர் முன் அப்போது இல்லாத ஆதாரம் இப்போது இருக்கிறது, அன்றைய தினம் கடுமையான சுகவீனம் போன்ற தடை இருந்தது என்பவைதான் வழக்கமாக ஏற்கப்படும் காரணங்கள். உங்கள் குறையை இவற்றில் ஒன்றுக்குள் கொண்டுவர முடியாவிட்டால், மேன்முறையீட்டைவிட மீள்மதிப்பீட்டுக்குத் தயாராவதே பலன் தரும். இதைக் கேட்கும் மாணவர்களின் முகம் வாடுவது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நினைவு மங்குமுன் எழுதுங்கள்

அன்றைக்கே ஒரு தாளில் நடந்ததை வரிசையாக எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, பரீட்சகர் எங்கே நின்றார், அருகில் யார் இருந்தார், நீங்கள் என்ன சொன்னீர்கள், நோயாளி என்ன பதில் சொன்னார். இதை அப்படியே அனுப்பப் போவதில்லை. கடிதம் எழுதும்போதும், பின்னர் குழு முன் பேசும்போதும் உங்கள் சொல் ஒன்றாக இருக்க இது உதவும். “அநியாயம்”, “வேண்டுமென்றே” போன்ற சொற்கள் இந்தத் தாளில் வந்தால் பரவாயில்லை. கடிதத்துக்குள் வரவிடாதீர்கள்.

நம் மாணவி எழுதியதில் முக்கியமானது இது. “உம்மா, உங்கட முழுப் பேரைச் சொல்லுங்க” என்று நோயாளியிடம் கேட்டாள். அவர் சொன்ன பெயரைப் பி.எச்.ரி.யில் இருந்த பெயரோடும் வாட்டு இலக்கத்தோடும் ஒப்பிட்டாள். சேலைன் ஏற்றப் போவதையும் தமிழிலேயே சொன்னாள். நோயாளிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். பரீட்சகர் வெளியிடத்திலிருந்து வந்தவர், சிங்களமும் ஆங்கிலமும் பேசுபவர். அடுத்த கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த தாதிய உத்தியோகத்தர் தமிழ் தெரிந்தவர்.

மும்மொழி பேசுவோரும் வந்துபோகும் திருகோணமலை வாட்டுகளில் இது எளிதாக நடக்கக்கூடியது. பரீட்சகரிடம் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. மாணவி ஏதோ பேசினாள் என்பது அவருக்குத் தெரியும். பெயரைத்தான் கேட்டாள் என்பது தெரியாது. ஆகவே இங்கே வாதம் “பரீட்சகர் எனக்குப் பாரபட்சம் காட்டினார்” என்பதாக இருக்கக் கூடாது. அதை நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாத ஒரு வரி, நிரூபிக்கக்கூடிய மற்ற வரிகளையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும். “அந்தப் படி தமிழில் நடந்தது. அதைக் கேட்டு விளங்கிக்கொள்ளக்கூடிய மதிப்பீட்டாளர் அப்போது இருக்கவில்லை” என்பது நடைமுறை பற்றிய வாதம். இதைக் குழுவால் ஆராய முடியும்.

ஆதாரம் தேடும்போது எல்லை தாண்டாதீர்கள்

இந்த இடத்தில்தான் மாணவர்கள் பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள். பி.எச்.ரி.யைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக் கடிதத்தோடு இணைப்பது அவற்றுள் முதலாவது. உங்கள் பக்கம் நூறு வீதம் நியாயம் இருந்தாலும், நோயாளியின் இரகசியத்தை மீறியதாக உங்கள் மீதே ஒழுக்காற்று விசாரணை வரலாம். திரவச் சமநிலைத் தாளும் அப்படியே. அவை வைத்தியசாலையின் ஆவணங்கள். அவற்றை நீங்கள் எடுத்துக் கொடுக்கத் தேவையில்லை. எங்கே இருக்கின்றன என்று காட்டினால் போதும். திகதி, வாட்டு, கட்டில் இலக்கம் மூன்றையும் எழுதி, “இந்தத் திகதிக்குரிய திரவச் சமநிலைத் தாளைக் குழு வைத்தியசாலையூடாகப் பார்வையிடும்படி வேண்டுகிறேன்” என்று கேளுங்கள். நோயாளியின் பெயர் கடிதத்தில் எங்கும் வரக் கூடாது.

நோயாளியிடமோ அவருடைய பிள்ளைகளிடமோ போய் “எனக்காக ஒரு கடிதம் தாருங்கள்” என்று கேட்பதும் வேண்டாம். தன்னைப் பராமரிக்கும் மாணவி கேட்கும்போது முடியாது என்று சொல்ல நோயாளியால் இயலாது. அப்படி வாங்கிய கடிதத்துக்குக் குழு பெறுமதி கொடுக்கவும் மாட்டாது.

பார்த்தவரிடம் கேட்கலாம். மாணவி அந்தத் தாதிய உத்தியோகத்தரிடம் போய், “மிஸ், அன்றைக்கு நான் அந்த உம்மாட்டப் பேர் கேட்டதை நீங்க கேட்டனீங்களா? கேட்டிருந்தா அதை மட்டும் எழுதித் தர ஏலுமா?” என்று கேட்டாள். இந்தக் கேள்வியில் “அதை மட்டும்” என்ற பகுதி முக்கியம். அவர் தன் சொல்லில் எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கொண்டுபோய் ஒப்பமிடச் சொல்லக் கூடாது. எங்கே நின்றார், என்ன கேட்டார், திகதி, நேரம், பதவி, கையொப்பம் ஆகிய அளவில் நான்கு வரி போதும். “இவர் மிகத் திறமையான மாணவி” என்று அவர் சேர்க்க விரும்பினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சாட்சியை நற்சான்றிதழாக மாற்றிவிடும். எழுத்தில் தர அவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். வேலைத்தலத்தில் அவருக்கும் சங்கடங்கள் உண்டு. “குழு விரும்பினால் அவரிடம் கேட்கலாம்” என்று எழுதுவதற்கு மட்டும் சம்மதம் கேளுங்கள். சம்மதித்தால் எழுதுங்கள்.

துளிக் கணக்கு

இந்தக் கதையில் வலுவான ஆதாரம் துளி வேகத்தில்தான் இருக்கிறது. ஆகவே அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மாணவி நிமிடத்துக்கு 42 துளி வைத்தாள். பரீட்சகரின் குறிப்பு: “42 அதிகம். 31 ஆக இருக்க வேண்டும்.” கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். மொத்த மில்லிலீற்றரை, ஒரு மில்லிலீற்றருக்குரிய துளியால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். 4 மணித்தியாலம் என்பது 240 நிமிடம்.

```
500 × 20 ÷ 240 = 41.67  →  42
500 × 15 ÷ 240 = 31.25  →  31
```

பரீட்சகரின் 31 எங்கிருந்து வந்தது என்று இரண்டாம் வரி காட்டுகிறது. அவர் 15 துளி ஒரு மில்லிலீற்றர் என்று வைத்துக் கணித்திருக்கிறார். கணக்கில் அவருக்குப் பிழையில்லை. அன்றைக்குப் பாவித்த சேலைன் செற் எது என்பதுதான் கேள்வி. சாதாரண சேலைன் செற்றுகளுக்கான சர்வதேசத் தரம், ஐ.எஸ்.ஓ. 8536-4, 20 துளி அல்லது 60 துளி ஒரு மில்லிலீற்றர் என்று வகுத்திருக்கிறது. 15 துளிச் செற்றுகளும் உலகில் பாவனையில் உண்டு. ஆகவே “எல்லாச் செற்றும் 20 தான்” என்று வாதாடக் கூடாது. வாட்டில் அன்று இருந்த செற்றின் உறையில் என்ன அச்சிடப்பட்டிருந்தது என்பதையே காட்ட வேண்டும்.

பாவித்த உறை குப்பைக்குப் போயிருக்கும். அதே இருப்பிலிருந்து பாவிக்காத ஓர் உறையை, வாட்டுப் பொறுப்பான சிஸ்டரின் அனுமதியோடு படமெடுக்கலாம். அதில் நோயாளி பற்றிய தகவல் எதுவும் இல்லை. துளி அளவும் தொகுதி இலக்கமும் தெரியும்படி எடுங்கள். அனுமதி தந்தவர் யார், எந்தத் திகதி என்று எழுதிவையுங்கள். மதிப்பீட்டின்போது நீங்கள் கணக்குப் போட்ட தாள் புள்ளித்தாளோடு இணைக்கப்பட்டிருந்தால் அதையும் சுட்டிக்காட்டுங்கள். “20” என்ற எண்ணை நீங்கள் அன்றே பாவித்திருக்கிறீர்கள், பிறகு தேடிக் கண்டுபிடிக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

இன்னொன்றும் இருக்கிறது. சேலைன் காலை 9.10க்குத் தொடங்கியது. முடிந்த நேரத்தைக் கடமையிலிருந்த தாதி திரவச் சமநிலைத் தாளில் 1.15 என்று பதிந்திருந்தார். அதாவது 4 மணித்தியாலமும் 5 நிமிடமும். 20 துளிச் செற்றில் நிமிடத்துக்கு 31 துளி வைத்திருந்தால் 500 மில்லிலீற்றர் முடிய 5 மணித்தியாலமும் சுமார் 23 நிமிடமும் சென்றிருக்கும். போத்தல் முடியும்போது பிற்பகல் 2.30 தாண்டியிருக்கும்.

ஆனால் இந்த ஆதாரத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளி கையை மடித்தாலும், போத்தலின் உயரம் மாறினாலும் வேகம் மாறும். இடையில் யாரேனும் உருளையைத் திருப்பியிருக்கலாம். முடிந்த நேரம் உறையின் அச்சுக்குத் துணை நிற்கும். தனியாக அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. கடிதத்திலும் அந்த அளவுக்கே அதற்கு இடம் கொடுங்கள். தன் ஆதாரத்தின் பலத்தைத் தானே சரியாக அளந்து வைத்திருக்கும் மாணவியைக் குழு நம்பும்.

எதை ஒப்புக்கொள்வது

லேபலில் நேரம் எழுதவில்லை. தாளில் உடனே பதியவில்லை. இரண்டும் உண்மை. இவற்றுக்கும் சாட்டுச் சொல்ல ஆசை வரும். “பரீட்சகர் அவசரப்படுத்தினார், அதனால்தான்” என்று எழுதத் தோன்றும். வேண்டாம். அந்த 10 புள்ளியையும் விட்டுவிட்டாலும், நட்சத்திரப் படிகள் இரண்டும் திரும்பக் கிடைத்தால் மாணவிக்கு 90 வரும், சித்திக்கு 70 போதும். எதிர்க்கத் தேவையில்லாததை எதிர்த்தால், எதிர்க்க வேண்டியதன் பலம் குறையும்.

மற்றப் பக்கம், நட்சத்திரமிட்ட இரண்டையும் கட்டாயம் எதிர்க்க வேண்டும். துளி வேகத்துக்கு ஆதாரம் பலமாக இருக்கிறது என்று அதைப் பற்றி மட்டும் எழுதினால், குழு அதை முழுமையாக ஏற்றாலும் முடிவு மாறாது. மற்ற நட்சத்திரப் படி அப்படியே நின்று அவளைத் தோற்கடிக்கும். நல்ல கடிதங்கள் சில இந்த ஒரு கவனக்குறைவால் வீணாகிப் போயின.

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள்

“எனக்கு நீதி வழங்குங்கள்” என்ற முடிவைக் குழுவால் நிறைவேற்ற முடியாது. குழுவின் அதிகாரத்துக்குள் இருப்பதைக் கேளுங்கள். முதலாவது, குறிப்பிட்ட படிகளின் புள்ளிகளை ஆவணங்களின்படி மீளப் பார்க்கும்படி. அது முடியாவிட்டால், அந்த முயற்சியை இரத்துச் செய்து, தமிழ் விளங்கும் ஒருவர் உடனிருக்க, வேறொரு பரீட்சகரைக் கொண்டு மீண்டும் மதிப்பிடும்படி. இந்த இரண்டாவது கோரிக்கையில் “முதல் முயற்சியாகவே கணிக்கும்படி” என்ற சொற்றொடரை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் மீள்பரீட்சையாகப் பதிவாகும். மீள்பரீட்சைக்கு ஆகக்கூடிய புள்ளிக்கு வரம்பு வைக்கும் இடங்களில், வென்றும் இழப்பீர்கள்.

கடிதம் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அரச நிறுவனமானால் தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. பயிற்சி ஆங்கிலத்தில் நடப்பதால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று நினைத்து, சொல்ல வந்ததைப் பாதியில் விடாதீர்கள். தமிழ் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்தால் வாசிப்பவர்களுக்கும் இலகு. மாணவி கொடுத்த கடிதம் இப்படி இருந்தது.

> திகதி: ……
>
> அதிபர் அவர்களுக்கு,
> ஊடாக: கிளினிக்கல் இணைப்பாளர்
>
> ஐயா / அம்மணி,
>
> கிளினிக்கல் மதிப்பீட்டு முடிவுக்கு எதிரான மேன்முறையீடு — மாணவர் இலக்கம் ……
>
> …… திகதி, …… வாட்டில் நடைபெற்ற, நாளத்தினூடாகத் திரவம் ஏற்றுதல் மதிப்பீட்டில் நான் சித்தியடையவில்லை என …… திகதி எனக்கு அறிவிக்கப்பட்டது. மாணவர் கைநூலின் …… பிரிவின்படி, குறிக்கப்பட்ட காலத்துக்குள் இந்த மேன்முறையீட்டைச் சமர்ப்பிக்கிறேன். 6ஆம், 13ஆம் படிகள் பற்றி மட்டுமே மீள்பரிசீலனை கோருகிறேன்.
>
> 16ஆம், 18ஆம் படிகளில் (லேபலில் தொடங்கிய நேரம் எழுதுதல், உடனடியாகப் பதிதல்) நான் தவறியது உண்மை. அப்புள்ளிகள் குறைக்கப்பட்டதை ஏற்றுக்கொள்கிறேன்.
>
> 6ஆம் படி: நோயாளியின் அடையாளத்தை உறுதிப்படுத்தல். புள்ளித்தாளில் “செய்யப்படவில்லை” எனக் குறிக்கப்பட்டுள்ளது. நோயாளி தமிழ் மட்டும் பேசுபவர். அவருடைய முழுப் பெயரைத் தமிழில் கேட்டு, அவர் சொன்னதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். அந்த உரையாடல் தமிழில் நடந்ததால் பரீட்சகருக்கு அதன் உள்ளடக்கம் விளங்க வாய்ப்பிருக்கவில்லை எனக் கருதுகிறேன். அருகில் கடமையிலிருந்த தாதிய உத்தியோகத்தரின் கூற்று இணைப்பு 2 ஆகும்.
>
> 13ஆம் படி: துளி வேகம். நான் நிமிடத்துக்கு 42 துளி வைத்தேன். 31 ஆக இருக்க வேண்டும் எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. 500 மில்லிலீற்றரை 240 நிமிடத்தில் ஏற்ற, 20 துளிச் செற்றுக்கு 42 துளியும், 15 துளிச் செற்றுக்கு 31 துளியும் வரும். வாட்டு இருப்பிலுள்ள செற்றின் உறையில் 20 துளி ஒரு மில்லிலீற்றர் என அச்சிடப்பட்டுள்ளது (இணைப்பு 3, பொறுப்புத் தாதியின் அனுமதியுடன் எடுத்த படம்). மதிப்பீட்டின்போது நான் செய்த கணிப்பு புள்ளித்தாளின் பின்பக்கத்தில் உள்ளது. திரவம் ஏற்றி முடிந்த நேரமும் இதனோடு பொருந்துகிறது. …… கட்டிலுக்குரிய அன்றைய திரவச் சமநிலைத் தாளை வைத்தியசாலையூடாகப் பார்வையிடும்படி வேண்டுகிறேன். நோயாளியின் இரகசியம் கருதி அதன் பிரதியை நான் எடுக்கவில்லை.
>
> ஆகவே, (1) 6ஆம், 13ஆம் படிகளுக்குரிய புள்ளிகளை மேற்படி ஆதாரங்களின்படி மீளப் பரிசீலிக்கும்படியும், (2) அது இயலாதவிடத்து இம்முயற்சியை இரத்துச் செய்து, தமிழ் விளங்கும் ஒருவர் உடனிருக்க, வேறொரு பரீட்சகரால் முதல் முயற்சியாகவே மீண்டும் மதிப்பிடும்படியும் வேண்டுகிறேன். முடிவையும் அதற்கான காரணங்களையும் எழுத்தில் அறியத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> ……
>
> இணைப்புகள்: 1. புள்ளித்தாளின் பிரதி 2. தாதிய உத்தியோகத்தரின் கூற்று 3. செற் உறையின் படம்

இதில் “எனக் கருதுகிறேன்” என்ற சொல் ஓர் இடத்தில்தான் வருகிறது. பரீட்சகருக்கு விளங்கியிருக்காது என்பது மாணவியின் ஊகம், ஆகவே அங்கே அது தேவை. உறையில் 20 என்று அச்சிட்டிருப்பது ஊகமல்ல, ஆகவே அங்கே தேவையில்லை. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படிச் சோதியுங்கள். நான் கண்டதா, தாளில் இருப்பதா, நான் நினைப்பதா? மூன்றாவது வகை அதிகமாக இருந்தால் வெட்டுங்கள். வீட்டுக் கஷ்டம், வெளிநாடு போகும் திட்டம், அம்மாவின் நோய், இவை எதுவும் 6ஆம் படியையோ 13ஆம் படியையோ தொடுவதில்லை. வட்ஸ்அப் குழுவில் நண்பிகள் எழுதியவற்றையும் இணைக்காதீர்கள்.

பரீட்சகரின் பெயரைக் கடிதத்தில் எழுதத் தேவையில்லை, “பரீட்சகர்” போதும். அதிபருக்கு அனுப்பும் அதே நாளில் அமைச்சுக்கும் மாகாணப் பணிப்பாளருக்கும் பிரதி போடுவதும் உதவாது. உள்ளே தீர்க்கக்கூடியதைத் தீர்க்க அவகாசம் தராமல் வெளியே கொண்டுபோனவர் என்ற பெயர்தான் மிஞ்சும். மேலிடம் போக வேண்டி வந்தால், உள் முடிவு எழுத்தில் வந்த பிறகு போகலாம்.

கொடுக்கும் முறை

“ஊடாக” அனுப்பும் கடிதம் இடையிலுள்ளவரின் மேசையில் தங்கிவிடக்கூடும். ஒரு பிரதியில் “முற்பிரதி” என்று எழுதி அதிபருக்கு நேரடியாகக் கொடுங்கள். கையில் கொடுப்பதானால் உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் திகதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம். மூதூர், கிண்ணியா, புல்மோட்டைப் பக்கத்தில் வீடுள்ளவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பலாம். பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி வையுங்கள். கடைசி நாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அரச நிறுவனம் புள்ளித்தாளைக் காட்டவே மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். ஆனால் மேன்முறையீட்டுக் காலம் அதற்கு முன்பே முடிந்துவிடலாம். அந்தப் பதிலுக்காகக் காத்திராமல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, “புள்ளித்தாள் கிடைத்ததும் மேலதிக விபரம் சமர்ப்பிப்பேன்” என்று ஒரு வரி சேருங்கள்.

குழு அழைத்தால்

கடிதத்தின் பிரதியும் இணைப்புகளும் அன்றே எழுதிவைத்த தாளும் கையில் இருக்கட்டும். குழு பெரும்பாலும் கேட்கும் கேள்வி, “பரீட்சகர் பக்கத்தில் நிற்கும்போது ஏன் அவருக்கும் சொல்லவில்லை?” என்பதாக இருக்கும். நியாயமான கேள்விதான். “நோயாளியிடம் கேட்பதே படி என்று நினைத்தேன். இனிமேல் பரீட்சகருக்கும் விளங்கும் மொழியில் சொல்லிச் செய்வேன்” என்பது நேர்மையான பதில். துளிக் கணக்கை அங்கேயே போட்டுக் காட்டச் சொல்வார்கள். உறையை வாசித்து, கணக்கைப் போட்டு, கடிகாரம் பார்த்து எண்ணும் முறை வரைக்கும் தடுமாறாமல் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் செய்து காட்டுவது, கடிதத்தில் இருக்கும் எந்தச் சொல்லையும்விடக் குழுவுக்கு உறுதி தரும்.

முடிவு வரும்வரை வாட்டுக் கடமையில் ஒரு நாளும் குறைய விடாதீர்கள். வருகை குறைந்தால் அதுவே தனிக் காரணமாகிவிடும். மீள்மதிப்பீட்டுத் திகதி மேன்முறையீட்டு முடிவுக்கு முன்னரே வந்துவிட்டால், போகாமல் விடுவது ஆபத்து. போய்ச் செய்யுங்கள். போவதற்கு முதல் நாள் அதிபருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: “…… திகதி நான் சமர்ப்பித்த மேன்முறையீட்டுக்குப் பாதிப்பின்றி இம்மீள்மதிப்பீட்டில் தோற்றுகிறேன். மேன்முறையீடு ஏற்கப்படின் முதல் மதிப்பீட்டின் முடிவையே பதியும்படி வேண்டுகிறேன்.” இதிலும் முத்திரை வாங்கிய பிரதியொன்று உங்களிடம் இருக்க வேண்டும்.